அகலம் மாறினால் துளைகள் என்ன செய்ய வேண்டும்?

மின் பெட்டியை மூடும் ஒரு தகடு. அகலம் 300 மி.மீ. மேல் ஓரத்தில் எம்6 திருகுகளுக்கான 6 துளைகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 50 மி.மீ., இரு பக்கமும் 25 மி.மீ. ஓரம். அதே பெட்டியை வாடிக்கையாளர் 310 அகலத்திலும் 420 அகலத்திலும் கேட்கிறார். வரைபவர் அகலத்தை மாற்றினால் போதாது. துளை இடைவெளி, எண்ணிக்கை, ஓரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தாலும் கடைசித் துளை விளிம்பை ஒட்டி விழும், அல்லது ஒரு பக்க ஓரம் மட்டும் பெரிதாகிவிடும்.

இதற்குத்தான் சாலிட்வொர்க்ஸில் குளோபல் வேரியபிளும் சமன்பாடுகளும் இருக்கின்றன. `Tools > Equations` திறந்து அகலத்துக்கு ஒரு பெயர் வைத்து, மற்ற அளவுகளை அதிலிருந்து கணக்கிடச் சொன்னால், ஒரே எண்ணை மாற்றியதும் தகடு முழுதும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வேகம் இதன் கண்ணுக்குத் தெரியும் பயன். அதைவிடப் பெரிய பயன், ஒவ்வோர் அளவும் ஏன் அப்படி இருக்கிறது என்ற காரணம் மாடலுக்குள்ளேயே எழுதப்படுவது. இந்த முறையின் குறைகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. எழுதிய காரணம் தவறாக இருந்தாலும் மென்பொருள் அதற்கு அப்படியே கீழ்ப்படியும்.

முதலில் தோன்றும் சமன்பாடு எளிமையானது: அகலத்தில் இரு ஓரங்களைக் கழித்து 5 ஆல் வகுத்தால் இடைவெளி. 300க்கு 50 வரும். 420க்கு 74 வரும். மாடல் எந்தப் பிழையும் காட்டாது. ஆனால் திருகுகளுக்கு இடையே 50க்கு மேல் போனால் தகட்டின் விளிம்பு மேலெழும்பி, அடியிலுள்ள ரப்பர் கேஸ்கெட் சரியாக அழுந்தாது என்பதற்காகத்தான் அந்த 50 வைக்கப்பட்டது. ஆகவே மாறாமல் இருக்க வேண்டியது அதிகபட்ச இடைவெளி. மாற வேண்டியது துளைகளின் எண்ணிக்கை. அப்படிப் பார்த்தால் சமன்பாடுகள் இப்படி அமையும்:

```
"Width" = 300
"EdgeMin" = 25
"PitchMax" = 50
"Span" = "Width" - 2 * "EdgeMin"
"Gaps" = int(("Span" - 0.001) / "PitchMax") + 1
"Pitch" = int(2 * "Span" / "Gaps") / 2
"Edge" = ("Width" - "Gaps" * "Pitch") / 2
"Holes" = "Gaps" + 1
```

`int` தசமப் பகுதியை வெட்டிவிடும். அதனால்தான் 1 கூட்டுகிறோம். ஆனால் 250ஐ 50 ஆல் வகுத்தால் மிச்சமின்றி 5 வரும். அதற்கும் 1 கூட்டினால் 6 இடைவெளிகள் ஆகி, தேவையற்ற ஒரு துளை சேரும். முன்கூட்டியே 0.001 கழிப்பது அதைத் தடுக்க. 310இல் சோதித்தால் இந்த வழு வெளியே தெரியாது. மிச்சமின்றி வகுபடும் அகலத்தில் சோதித்தால்தான் தெரியும்.

`Pitch` வரிக்கும் ஒரு காரணம் உண்டு. 310 அகலத்தில் 260ஐ 6 ஆல் வகுத்தால் 43.333… வரும். டிராயிங்கில் அது 43.33 என்று அச்சாகும். அளவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக் குறிப்பவருக்கு கடைசித் துளை 0.02 தள்ளிப்போகும். அது சிறிய தொகைதான். ஆனால் அப்படி ஒரு எண்ணை அளவுகோலால் யாரும் சரிபார்க்க முடியாது. மேலே உள்ள வரி இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு இறக்கி 43 ஆக்குகிறது. மிச்சம் ஓரத்துக்குப் போய் அது 26 ஆகிறது. 420 அகலத்தில் 8 இடைவெளிகள், 9 துளைகள், இடைவெளி 46, ஓரம் மீண்டும் 26. பட்டறையில் இருப்பவர் மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம். கடைசியில் `Holes`, `Pitch` இரண்டையும் துளை பேட்டர்னின் எண்ணிக்கைக்கும் இடைவெளிக்கும், `Edge`ஐ முதல் துளையின் தூரத்துக்கும் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த அளவுகளுக்கு அருகே ∑ குறி தோன்றும். அவை சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை என்று அடுத்து திறப்பவருக்கு அது சொல்லும்.

அகலத்தோடு எதை இணைக்கக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியம். துளையின் விட்டம் அப்படிப்பட்டது. எம்6 திருகுக்கு வழக்கமான இடைவெளித் துளை 6.6 மி.மீ. 300ஐ 45 ஆல் வகுத்தால் ஏறத்தாழ அதுதான் வரும் என்று யாராவது சமன்பாடு எழுதினால், 420 தகட்டில் துளை 9.3 ஆகிவிடும். அந்தத் துளை எம்8 திருகையும் உள்ளே விடும். விட்டத்துக்குக் காரணம் திருகு, அகலமல்ல. இரண்டு எண்கள் ஓர் அளவில் ஒத்துப்போவதை உறவு என்று நினைத்து எழுதும் சமன்பாடு, கையால் எழுதிய எண்ணைவிட ஆபத்தானது. ஏனெனில் அது யோசித்து எழுதியதுபோலத் தோன்றும். அதேபோல, நடுவில் இருக்க வேண்டிய ஒரு துளைக்கு `"Width" / 2` எழுதத் தேவையில்லை. ஸ்கெட்சில் நடுப்புள்ளி உறவைக் கொடுத்தாலே அது அங்கே நிற்கும். வடிவமே சொல்லக்கூடியதைச் சமன்பாட்டில் வைத்தால் பட்டியல் நீளும். உண்மையான முடிவுகள் அதற்குள் மறையும்.

தகடு தனியாக இல்லை, அதன் கீழே சட்டகம் ஒன்று இருக்கிறது என்பது இன்னொரு சிக்கல். சட்டகத்தில் மரை வெட்டிய துளைகள் அதே இடங்களில் வர வேண்டும். இரு பார்ட்களிலும் தனித்தனியே சமன்பாடு எழுதினால், ஒன்றை மாற்றி மற்றதை மறக்கும் பழைய தவறு திரும்பிவரும். சமன்பாட்டு உரையாடல் பெட்டியில் உள்ள `Link to external file` வசதி, இரண்டும் ஒரே உரைக் கோப்பிலிருந்து எண்களை எடுக்கச் செய்கிறது. பொருந்தாத துளைகள் என்ற கவலை தீர்கிறது. பதிலுக்கு வேறொரு கவலை வருகிறது: அந்தக் கோப்பில் 300ஐ 420 ஆக்கினால், ஏற்கெனவே வெளியிட்டு உற்பத்திக்குப் போன 300 தகடும் அடுத்த முறை திறக்கும்போது 420 ஆகிவிடும். ஆகவே வெளியிடும் நாளில் அந்த இணைப்பைத் துண்டிப்பது, அல்லது ஒவ்வொரு வகைக்கும் தனிக் கோப்பு வைப்பது கட்டாயம்.

எல்லைகளில்தான் இந்த முறை அதிகம் ஏமாற்றும். அகலத்தை 60 ஆக்கிப் பாருங்கள். இரண்டு துளைகள், இடைவெளி 10, ஓரம் 25. கணக்கு சரி, மாடலும் பிழையின்றி உருவாகும். ஆனால் இரு துளைகளுக்கும் இடையே எஞ்சும் உலோகம் 3.4 மி.மீ.தான், எம்6 திருகின் தலைகள் ஒன்றோடொன்று முட்டும். 900 ஆக்கினால் 18 துளைகள் வரும். நடுவில் தகடு தொய்வதைத் தடுக்க வலுவூட்டும் மடிப்பு வேண்டும் என்று எந்தச் சமன்பாடும் சொல்லாது. பிழையின்றி மீள்உருவாவது வடிவியல் முரண்படவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. துளை இடைவெளி 20க்குக் கீழே போனால் எச்சரிக்கும்படி `Sensors` பகுதியில் ஒரு சென்சார் வைத்தால் கீழ் எல்லையாவது காவலில் இருக்கும்.

எனவே என் மதிப்பீடு இது. ஒரே வடிவம் பல அகலங்களில் வரும் என்று தெரிந்தால், குறைந்தபட்ச ஓரம், அதிகபட்ச இடைவெளி போன்ற காரணமுள்ள எண்களுக்குப் பெயர் கொடுத்து இந்த முறையைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஒரே ஒரு முறை செய்யப்போகும் தகட்டுக்கு இது வீண் சுமை. பயன்படுத்தும் ஒவ்வொரு மாடலிலும், எந்த அகலம் முதல் எந்த அகலம் வரை இந்தச் சமன்பாடுகள் செல்லும் என்பதைச் சமன்பாட்டுப் பட்டியலின் குறிப்புப் பத்தியில் எழுதிவைக்க வேண்டும். அந்த இரு முனைகளிலும், மிச்சமின்றி வகுபடும் ஓர் அகலத்திலும் மாடலை உருவாக்கி, துளைகளைக் கண்ணால் பார்த்த பிறகே அதை அடுத்தவரிடம் கொடுக்கலாம்.