ஒரே கட்டடம், இரண்டு நோன்பு திறப்பு

துபாய் வகுப்பறைக்கென்றே அமைந்தது போன்ற ஒரு புதிர்: ஒரே கட்டடத்தில் வசிக்கும் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் நோன்பு வைக்கிறார்கள். அண்ணன் நோன்பு திறந்துவிட்டான். தம்பி இன்னும் 2 நிமிடம் காத்திருக்கிறான். இருவரும் செய்வது சரி. ஏன்? விடை புர்ஜ் கலீஃபாவில் இருக்கிறது. உயரத்தில் இருப்பவர்க்குச் சூரியன் தாமதமாக மறையும். அதனால் 80ஆம் மாடிக்கு மேல் 2 நிமிடமும், 150க்கு மேல் 3 நிமிடமும் காத்திருக்க வேண்டுமென 2011இல் துபாய் மார்க்க அறிஞர்கள் அறிவித்தார்கள்.

புதிரின் உயிர் குறிப்புகளில்தான். பிள்ளைகள் முதலில் கடிகாரத்தைச் சந்தேகிப்பார்கள். ஆகவே முதல் குறிப்பு அந்த வழியை அடைக்க வேண்டும்: 'இரண்டு கடிகாரமும் சரியாக ஓடுகின்றன.' அடுத்தது பார்வையைத் திருப்பட்டும்: 'நோன்பு திறக்கும் நேரத்தை எது தீர்மானிக்கிறது?' நோன்பு வைக்காத வீட்டுப் பிள்ளைக்கும் இது வாசலைத் திறக்கிறது. மூன்றாவது: 'இருவரும் ஒரே ஜன்னலில் நிற்கிறார்களா?' இங்கே 'மாடி', 'உயரம்' என்ற சொற்கள் வந்தால் புதிர் முடிந்துபோகும்.

குறிப்பே கொடுக்காமல் திணறவிடுவதே நல்லது என்பார்கள். ஆனால் அப்போது வேகமான இருவர் விடை சொல்ல, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். குறிப்புக்குப் பின் பிள்ளைகள் புதிய கேள்வி கேட்டால் அது சரியான குறிப்பு. உடனே விடையைச் சொல்லிவிட்டால் அளவு மீறியது.