எல்லாவற்றிலும் பாதி: வடுகபட்டிக் குடோனில் ஒரு கணக்கு

பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டியில் வாரத்துக்கு இரண்டு நாள் பூண்டுச் சந்தை கூடுகிறது. கொடைக்கானல் மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைப் பகுதிகளிலிருந்து மலைப்பூண்டு இறங்குகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. மத்தியப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களின் பூண்டும் லாரிகளில் வந்து சேர்கிறது. விலையில் இந்த ரகங்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் மூட்டையாகக் கட்டிவிட்டால் எல்லாம் தரையில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன. உயரமாக அட்டி போடவும் முடியாது. அடிமூட்டை நசுங்கும், காற்று புகாமல் சூடேறும், முளைவிடும், அழுகும். ஆகவே பூண்டு வியாபாரியின் குடோன் மற்றச் சரக்குக் குடோன்களைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது.

இப்படிப் பல சரக்குகள் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போது எதை எவ்வளவு வாங்கி வைப்பது? இதற்கு வழக்கத்தில் உள்ள விடை எளிமையானது. ஒவ்வொரு சரக்கையும் தனியாக எடுத்து, ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை வாங்கினால் லாபம் என்று முதலில் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் குடோன் கொள்ளாது. கொள்ளும் அளவை, தேவைப்படும் அளவால் வகுத்தால் ஒரு பின்னம் கிடைக்கும். அந்த ஒரே பின்னத்தால் எல்லாச் சரக்கின் அளவையும் பெருக்கிக் குறைத்துவிட வேண்டும். இடம் பாதி என்றால் எல்லாச் சரக்கும் பாதி. சரக்கு மேலாண்மைப் பாடநூல்களிலும் இது உண்டு. ஆனால் இந்த விடை எப்போது சரி என்ற நிபந்தனையும் அங்கே கூடவே எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் பின்னம் தங்கிவிட்டது, நிபந்தனை உதிர்ந்துவிட்டது.

ஒரு சரக்குக்கான அடிப்படைக் கணக்கை 1913-இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்டார். ஒரு லோடு கொண்டுவர லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, அலைச்சல் என்று ஒரு செலவு உண்டு. பத்து மூட்டை வந்தாலும் நூறு மூட்டை வந்தாலும் அது பெரிதாக மாறாது. இதை K என்போம். ஆண்டில் விற்கும் மூட்டைகள் D. ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருந்தால் ஆகும் வட்டியும் எடைக்குறைவும் h. அடிக்கடி வாங்கினால் K-இன் செலவு ஏறும். மொத்தமாக வாங்கினால் h-இன் செலவு ஏறும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் கொள்முதல் அளவு இது:

```
Q = √(2KD / h)
```

வடுகபட்டி அளவிலான ஒரு குடோனை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. மூட்டை 50 கிலோ. வட்டியும் காய்ச்சலும் சேர்த்து மாதம் நூற்றுக்கு இரண்டு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மலைப்பூண்டு மூட்டை 15,000 ரூபாய், ஆண்டு விற்பனை 1,600 மூட்டை, ஒரு லோடு கொண்டுவரும் செலவு 1,800 ரூபாய். வடநாட்டு முதல் ரகம் மூட்டை 5,000 ரூபாய், விற்பனை 2,400. வடநாட்டுப் பொடி ரகம் 2,500 ரூபாய், விற்பனை 1,200. வடநாட்டுச் சரக்கு இரண்டுக்கும் லோடுச் செலவு 3,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஹாரிஸ் கணக்கு மலைப்பூண்டை ஒரு தடவைக்கு 40 மூட்டை வாங்கச் சொல்கிறது. முதல் ரகத்தில் 120, பொடியிலும் 120. கொண்டுவரும் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். ஆனால் இதற்கு 280 மூட்டைக்கு இடம் வேண்டும். குடோன் கொள்வது 140 மூட்டைதான்.

பின்னம் 0.5. அதன்படி 20, 60, 60 மூட்டை வாங்கினால் ஆண்டுச் செலவு 4,50,000 ரூபாய். இடம் போதாததால் 90,000 ரூபாய் கூடுகிறது. இதில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு பின்னத்தின் தப்பு என்பதுதான் கேள்வி.

விடைக்கு ஹாட்லியும் விட்டினும் 1963-இல் எழுதிய இருப்பு முறைகள் பற்றிய நூலின் வழியில் போக வேண்டும். அதுவும் ஒரே ஒரு பெருக்கியைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அளவுகளின் மேல் அல்ல, செலவின் மேல். குடோனில் ஒரு மூட்டை இடத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு வாடகை என்று நாமே ஒரு தொகையைக் கற்பனையாக விதிக்கிறோம். சொந்தக் குடோன் என்றாலும் விதிக்கிறோம். இதை λ என்று எழுதுவார்கள். கணிதத்தில் இதற்கு லெக்ராஞ் பெருக்கி என்று பெயர். வாடகை சேர்ந்ததும் ஒவ்வொரு சரக்குக்கும் அளவு இப்படி மாறும்:

```
Q = √(2KD / (h + 2λ))
```

வாடகை ஏன் இரு மடங்காக நுழைகிறது என்று கேட்கலாம். லோடு வந்த அன்று 60 மூட்டை, விற்று முடியும் நாளில் பூஜ்யம் என்றால் சராசரி இருப்பு 30. வட்டி அந்த முப்பதுக்குத்தான். இடமோ அறுபதுக்கும் ஆண்டு முழுவதும் ஒதுக்கியே கிடக்கிறது.

λ எவ்வளவு என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூட்டை இடத்துக்கு 1,000 ரூபாய் விதித்தால் மூன்று ரகமும் சேர்ந்து 163 மூட்டை வருகிறது, கொள்ளாது. 2,000 விதித்தால் 129, இடம் மிஞ்சுகிறது. 1,600-இல் 140-க்கு வந்து நிற்கிறது: மலைப்பூண்டு 29, முதல் ரகம் 63, பொடி 48. ஆண்டுச் செலவு ஏறக்குறைய 4,31,000 ரூபாய். பின்னம் போட்ட கணக்கைவிட 19,000 ரூபாய் குறைவு. அதாவது கூடிய 90,000-இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடத்தின் குற்றமே அல்ல, கணக்கின் குற்றம்.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அளவுகள் நகர்ந்த திசை. விலையுயர்ந்த மலைப்பூண்டு 20-லிருந்து 29-க்கு ஏறுகிறது. மலிவான பொடி 60-லிருந்து 48-க்கு இறங்குகிறது. விலை கூடிய சரக்கைக் குறைவாக வைக்க வேண்டும் என்ற வியாபார புத்திக்கு இது எதிராகத் தோன்றும். எதிரானதல்ல. பொடியைப் பெரிய லோடாக வாங்கியதற்கு ஒரே காரணம், அதை வைத்திருந்தால் வட்டி குறைவு என்பது. பணத்தை மட்டும் கணக்கில் எடுத்தவரை அது நியாயம். தரைக்கும் விலை உண்டு என்று ஆனபின், 2,500 ரூபாய் மூட்டையும் 15,000 ரூபாய் மூட்டையும் ஒரே வாடகையைக் கொடுக்கின்றன. பொடியின் வைத்திருப்புச் செலவு ஆண்டுக்கு 600 ரூபாயாக இருந்தது, 3,800 ஆகிறது. மலைப்பூண்டுக்கு 3,600 என்பது 6,800 ஆகிறது. ஒன்று ஆறு மடங்கு, மற்றது இரு மடங்குக்கும் குறைவு. எல்லாவற்றிலும் பாதி என்ற விதி இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை. மலைப்பூண்டை 20 மூட்டையாக வாங்கினால் ஆண்டுக்கு 80 தடவை வண்டி பிடிக்க வேண்டும். 29 என்றால் 55 தடவை, ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு சந்தை. சந்தை நாளை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பின்னக் கணக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அது முழுக்கச் சரியாக இருக்கும் ஓர் இடம் உண்டு, அதுவும் இதே வியாபாரத்தில்தான். தட்டுப்பாடு தரையில் இல்லாமல் கையிருப்புப் பணத்தில் இருந்தால், சரக்கு பிடிக்கும் பணமும் அதன் வட்டியும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்குகின்றன. மேற்சொன்ன 280 மூட்டைக்கு 15 லட்சம் ரூபாய் முதல் வேண்டும். கையில் ஏழரை லட்சம்தான் இருக்கிறது என்றால், எல்லாவற்றிலும் பாதி என்பதே மிகக் குறைந்த செலவுக்கான விடை. அதைவிட நல்ல கணக்கு கிடையாது. பாடநூல்கள் சொல்லும் நிபந்தனை இதுதான்: வைத்திருக்கும் செலவுக்கும் பிடிக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம் எல்லாச் சரக்குக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பணத்துக்கு அது தானாகப் பொருந்துகிறது. தரைக்குப் பொருந்துவது, கிட்டத்தட்ட ஒரே விலையுள்ள ரகங்களை மட்டும் வைத்திருப்பவருக்குத்தான்.

தட்டுப்பாடு லேசாக இருந்தாலும் பின்னம் தாங்கும். வர்க்கமூலக் கணக்கின் அடிப்பகுதி தட்டையானது, அளவு கொஞ்சம் பிசகினால் செலவு அவ்வளவாக ஏறாது. பின்னம் 0.9 என்றால் கூடுவது அரை சதவீதத்தை ஒட்டி, 0.8 என்றால் இரண்டரை சதவீதம். வாடகைக் கணக்குப் போட்டு அதில் ஒரு பகுதியை மீட்பதற்கு உட்கார வேண்டியதில்லை. 0.7-இல் ஆறு சதவீதத்தைத் தாண்டுகிறது, 0.5-இல் 25-ஐத் தொடுகிறது. 0.8-க்குக் கீழே இறங்கினால் வாடகைக் கணக்குக்கு மாற வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான குறைகளை மறைக்க முடியாது. மூன்று லோடும் ஒரே நாளில் வந்து இறங்கும் என்று வைத்துக்கொண்டுதான் இரண்டும் இடத்தை அளக்கின்றன. மலைப்பூண்டு வரும்போது பொடி பாதி விற்றுப்போயிருந்தால், அதே குடோனில் இன்னும் பெரிய லோடுகள் கொள்ளும். குடோன் நிறைந்து வழிகிறது என்பவர், எந்த நாளிலாவது அது உண்மையில் நிறைகிறதா என்று ஒரு மாதம் குறித்துப் பார்ப்பது நல்லது. பல நாள்கள் பாதித் தரை வெறுமையாகக் கிடந்தால் மாற்ற வேண்டியது லோடு வரும் நாளை, அளவை அல்ல. வடநாட்டு ரகங்கள் இரண்டும் ஒரே லாரியில் வந்தால் K-ஐ இரண்டுக்கும் தனித்தனியாக எழுதியதும் தப்பு. இரண்டையும் சேர்த்து ஒரே லோடாகக் கணக்கிட வேண்டும். பூண்டு விலையோ நிலையில்லாதது. 2024 தொடக்கத்தில் நாட்டின் பல ஊர்களில் கிலோ 400 ரூபாயைத் தாண்டி விற்றது. விலை ஏறும் என்று தெரிந்து அடைத்து வைப்பதும், இறங்கும் என்று பயந்து தள்ளிவிடுவதும் இந்தச் சூத்திரங்களுக்குள் இல்லை. அதை வியாபாரிதான் தீர்மானிக்க வேண்டும்.

இருந்தாலும் வாடகைக் கணக்கு தரும் ஒன்றைப் பின்னம் ஒருபோதும் தராது. 0.5 என்ற எண் இடம் போதவில்லை என்பதை மட்டும் சொல்கிறது, அது நமக்குத் தெரிந்ததுதான். 1,600 ரூபாய் என்ற எண்ணோ இன்னொரு மூட்டைக்கு இடம் கிடைத்தால் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்கிறது. மாதத்துக்குச் சுமார் 133 ரூபாய். பக்கத்தில் குடோன் வாடகைக்கு வந்தால், அது கொள்ளும் மூட்டைகளால் வாடகையை வகுத்துப் பாருங்கள். மூட்டைக்கு மாதம் 80 ரூபாய் என்றால் கொஞ்சம் இடமாவது எடுங்கள், 150 என்றால் விட்டுவிடுங்கள். இடம் கூடக் கூட 133 என்ற எண் குறையும் என்பதால், எடுத்த பிறகு கணக்கை மறுபடி போட வேண்டும். 280 மூட்டைக்கு இடம் கிடைத்துவிட்டால் அது பூஜ்யம். அதற்கு மேல் ஒரு மூட்டை இடத்துக்கும் வாடகை கொடுக்கக் காரணம் இல்லை.