நாலு விரலுக்கு ஒரு காவடிச் சிந்து

தைப்பூசத்துக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து திருச்செந்தூருக்கு நடக்கும் ஒரு கூட்டத்தில் என் பெரியப்பா முன்பாட்டுக்காரர். அவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், பின்னால் வருகிற முப்பது நாப்பது பேர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கடனா நதிப் பாலம் தாண்டுகிறவரை கூடவே நடந்து, அதை போனில் பதிவு செய்தேன். ஒரு ஜால்ரா, ஒரு பம்பை, மூச்சு வாங்குகிற மனுஷக் குரல்கள். அஞ்சு கண்ணி, ஏறத்தாழ நாலு நிமிஷம். அதை வைத்து ‘ஓசு’ விளையாட்டின் மேனியா வகையில் நாலு கட்டைக்கு ஒரு சார்ட் செய்தேன். அந்த சார்ட் ஏன் தோற்றது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் நாலு தடங்கள். மேலிருந்து கட்டைகள் இறங்கி வரும். கீழே கோட்டைத் தொடும் நேரத்தில் அந்தத் தடத்துக்கான விசையைத் தட்ட வேண்டும். இடது கையில் ரெண்டு விரல், வலது கையில் ரெண்டு விரல். எந்த நொடியில், எந்தத் தடத்தில் கட்டை விழணும் என்று எழுதுவதுதான் சார்ட். 1997இல் வந்த கொனாமியின் ‘பீட்மேனியா’வில் நீங்கள் தட்டினால்தான் அந்த ஒலி வரும், தவறவிட்டால் பாட்டில் ஓட்டை விழும். ஓசுவில் பெரும்பாலும் அப்படி இல்லை. நீங்கள் தட்டினாலும் தட்டாவிட்டாலும் பாட்டு அது பாட்டுக்குப் போகும். அதனால் இங்கே விளையாடுவது என்பது வாசிப்பது அல்ல, கூடவே நடப்பது. காவடிச் சிந்துக்கு இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணமும் அதுதான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவில், கழுகுமலை முருகன் மேல் பாடியவை நமக்குத் தெரிந்த காவடிச் சிந்துகள். காவடி தூக்கி நடக்கிறவன் காலுக்கு ஏற்ற பாட்டு.

பெரியப்பா கூட்டம் பாடுவது சொந்தச் சொற்கள், மெட்டு மட்டும் பழையது. நடை திஸ்ரம். ஒரு காலடிக்குள் மூன்று சின்ன தட்டுகள். பதிவின் தொடக்கத்தில் நிமிஷத்துக்கு 100 காலடி, அதாவது ஒரு காலடிக்கு 600 மில்லிநொடி, அதில் மூன்றில் ஒன்று 200. எடிட்டரில் கட்டம் 1/4 என்று இருந்தால் இதே இடம் 150இல் விழும். 50 மில்லிநொடி பிசகு. ஓவரால் டிஃபிகல்ட்டி 8 என்று வைத்தால் ‘300’ மதிப்பெண்ணுக்கு 40 மில்லிநொடிதான் முன்பின் அனுமதி, ஆக காதை நம்பித் தட்டுகிறவன் தண்டிக்கப்படுவான். இந்தக் குழியில் நான் விழவில்லை, 1/3க்கு மாற்றிவிட்டேன். அதிகப் பாடுபட்டது வேகத்தோடுதான். நடக்கிற கூட்டத்துக்கு மெட்ரோனோம் கிடையாது. நான் 100 என்று எழுதி, அவர்கள் 101இல் நடந்தால் ஒரு காலடிக்கு 6 மில்லிநொடி விலகும். ஏழாவது காலடியில் அந்த 40 தாண்டிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. விளையாடும்போது கீழே தெரியும் பிழைப் பட்டையைப் பாருங்கள். கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் ஒரே தூரத்தில் குவிந்தால் தொடக்கப் புள்ளி தப்பு. போகப்போக விலகிக்கொண்டே போனால் வேகம் தப்பு. ஜால்ராவின் கூர்மையான தொடக்கத்தை அலைவடிவத்தில் பார்த்து, வரிக்கு ஒரு வேகப் புள்ளி வைத்தேன். கடைசிக் கண்ணிக்கு வரும்போது அவர்கள் 116இல் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆக நேரம் எல்லாம் சரி. சார்ட் அழகாகவும் இருந்தது. முதல் கண்ணியில் காலடிக்கு ஒன்று, ரெண்டாவது கண்ணியிலிருந்து மூன்று தட்டும். தடங்களை 1-2-3-4, 1-2-3-4 என்று படிக்கட்டு மாதிரி இறக்கினேன். திரையில் அருவி விழுகிற மாதிரி இருக்கும். கடைசிக் கண்ணியில் மெட்டை விட்டுவிட்டு பம்பையைப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் அதில்தான் நொடிக்குப் பத்துக்கு மேல் தட்டு கிடைக்கும். அக்கா மகன் விளையாடிப் பார்த்தான். ஒன்பதாம் வகுப்பு, என்னைவிட வேகமான விரல். முடித்துவிட்டு, “மாமா, கடைசில பாட்டு எங்க போச்சு?” என்றான். சரி, அது ஒரு குறை என்று குறித்துக்கொண்டேன்.

பெரிய குறையைச் சொன்னவர் பெரியப்பா. அவருக்கு இந்த விளையாட்டு என்ன என்றே தெரியாது. திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பையன் காதில் ஹெட்போன் மாட்டி விளையாடிக்கொண்டிருந்தான், அதனால் அவருக்குக் கேட்டது விசைப்பலகையின் சடசட மட்டும்தான். பாட்டு அவர் பாடியது என்பதே அவருக்குத் தெரியாது. “என்னலே இது, நாலு நாலா ஓடுது” என்றார். இது உங்க சிந்துதான் பெரியப்பா, மூணு மூணாத்தான் போட்டிருக்கேன் என்றேன். “எங்க பாட்டு நடக்கும்லே. இது ஓடுது.”

எனக்குக் கோபம் வந்தது. இடைவெளிகள் எல்லாம் சரியாக 200. எங்கே வந்தது நாலு? ராத்திரி நானே தட்டி, சத்தத்தைப் பதிவு செய்து கேட்டபோது புரிந்தது. இடது கை புதிதாகத் தொடங்குகிற ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு முதல் தடத்திலும், விசைச் சத்தம் கொஞ்சம் பலமாக விழுகிறது. நேரம் மூன்றில் இருக்கிறது, கை நாலில் இருக்கிறது. காலடி விழும் இடங்களை மட்டும் பாருங்கள்: முதல் காலடி முதல் தடத்தில், அடுத்தது நாலாவதில், அப்புறம் மூன்றாவதில், அப்புறம் ரெண்டாவதில். காலடி ஒவ்வொரு முறையும் வேறு விரலுக்குப் போகிறது. கை அதைக் காலடி என்றே உணராது.

நம் ஆட்கள் செய்யும் சார்ட்களில் நான் காணும் பெரிய கோளாறு இதுதான், என்னுடையதையும் சேர்த்துச் சொல்கிறேன். எப்போது விழணும் என்பதற்கு மணிக்கணக்கில் உழைக்கிறோம். எங்கே விழணும் என்பதைத் திரை அலங்காரமாக நினைக்கிறோம். ஆனால் தடமும் ஒரு தாளம் போடுகிறது. அது பாட்டின் தாளத்தோடு சண்டை போட்டால், பிழைப் பட்டை சுத்தமாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது.

திரும்ப எழுதினேன். இந்த முறை மெட்டைப் பிடித்துக்கொண்டு. குரல் ஏறினால் வலப்பக்கம், இறங்கினால் இடப்பக்கம். நாலு தடத்தில் ஒரு ஸ்தாயியை அடக்க முடியாது, அதனால் எந்த ஸ்வரம் எந்தத் தடம் என்று நிலையாக வைக்கவில்லை, திசை மட்டும்தான். ஒரு காலடிக்குள் குரல் ஏறினால் 1-2-3. இறங்கினால் 4-3-2. இப்படிச் செய்தால் ஒரு வசதி தானாக வருகிறது. காலடி எப்போதும் ஓரத்து விரலில்தான் விழும். ஏறும்போது இடது ஓரம், இறங்கும்போது வலது ஓரம். வரியின் கடைசியில் பெரியப்பா எழுத்தை நீட்டுவார், சிந்தின் உயிரே அந்த நீட்டத்தில்தான். அங்கே அழுத்திப் பிடிக்கும் கட்டை. ஒரு வரியின் கடைசித் துண்டு கோப்பில் இப்படி இருக்கும்:

```
64,192,1240,1,0,0:0:0:0:
192,192,1440,1,0,0:0:0:0:
320,192,1640,1,0,0:0:0:0:
448,192,1840,128,0,2240:0:0:0:0:
```

முதல் எண் தடம், மூன்றாவது எண் மில்லிநொடி. கடைசி வரியில் 128 என்பது பிடித்திருக்கும் கட்டை, 2240 விடவேண்டிய இடம். 400 மில்லிநொடி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு ரெண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்த மாத்திரைக் கணக்கேதான்.

அடுத்த சிக்கல், கடினம் ஏறுவது. சினிமாப் பாட்டில் சரணம் போகப்போக வாத்தியம் சேரும், சார்ட்டும் அதோடு ஏறிவிடும். சிந்தில் அஞ்சு கண்ணிக்கும் ஒரே மெட்டு. முதல் சார்ட்டில் நான் நொடிக்கு 1.7 தட்டிலிருந்து நேரே 5க்குத் தாவியிருந்தேன், பையன் சமாளித்தான், அவன் கூட்டாளிகள் ரெண்டாம் கண்ணியிலேயே விட்டுவிட்டார்கள். பதில் பாட்டுக்குள்ளேயே இருந்தது. பெரியப்பா ஒரு வரி சொல்கிறார், கூட்டம் திருப்பிச் சொல்கிறது. அதே வரி ரெண்டு முறை வருகிறது. அவர் பாடும்போது லேசாகப் போட்டேன், கூட்டம் பாடும்போது அதே வடிவத்தை நிரப்பினேன். முதல் கண்ணியில் அவருக்குக் காலடி மட்டும். கூட்டத்துக்குக் காலடியும், நெடில் முடிந்து குறில் விழும் மூன்றாம் தட்டும். ரெண்டாம் கண்ணியில் கூட்டத்துக்குக் கொடுத்ததை அவருக்குக் கொடுத்து, கூட்டத்துக்கு மூன்று தட்டும். இப்படி ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணி முடிந்த இடத்தில் தொடங்குகிறது. புது வடிவத்தை முதலில் கூட்டத்தின் வரியில் அனுபவிக்கிறீர்கள், அடுத்த கண்ணியில் அது உங்களுக்குப் பழகியதாகிவிடுகிறது. நாலாம் கண்ணியில் எதுகை விழும் எழுத்தில் மட்டும் ரெண்டு கட்டை சேர்த்து. எல்லாக் காலடியிலும் இரட்டை போட ஆசையாகத்தான் இருந்தது. போட்டால் எதுகை காதில் விழாது.

கூட்டம் மொத்தமாக மூச்சு வாங்குகிற இடங்களில் ஒன்றும் போடவில்லை. சும்மா விட்டால் சோம்பல் என்று நினைப்பார்கள் என்ற பயம் சார்ட் எழுதுகிறவனுக்கு எப்போதும் உண்டு. எனக்கும் இருந்தது, கொஞ்சம் தட்டு போட்டும் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது.

கடைசிக் கண்ணிக்கு என்ன செய்வது? தட்டைக் கூட்ட மனமில்லை. வேகம் 116 ஆனதால் மூன்று தட்டே நொடிக்கு 5.8 ஆகிறது. 1/6இல் அடுக்கினால் 11.6, அது இந்தக் குரலில் இல்லாத ஒன்று. கவனித்துக் கேட்டபோது, அந்தக் கண்ணியின் மூன்றாம் வரியைப் பெரியப்பா காலடியோடு எடுக்கவில்லை என்று தெரிந்தது. ஒரு தட்டு தள்ளி எடுக்கிறார். பம்பை நேராகப் போகிறது, குரல் அதற்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு வருகிறது, வரி முடிவில் ரெண்டும் சேர்ந்துகொள்கின்றன. எடுப்பு மாறுகிறது. அந்த ஒரு வரிக்கு மட்டும் என்னுடைய பழைய 1-2-3-4 படிக்கட்டைத் திரும்பக் கொண்டு வந்தேன். நாலு கண்ணி முழுக்க ஓரத்து விரலில் நம்பி நின்ற காலடி, இங்கே விரல் விரலாக நழுவுகிறது. ஒரு தட்டுகூடக் கூடவில்லை, ஆனால் சார்ட்டிலேயே கடினமான இடம் அதுதான். வரி முடிவில், குரலும் பம்பையும் சேரும் இடத்தில், நாலாவது தடத்தில் நீண்ட கட்டை ஒன்று.

முதல் முறை அங்கே எல்லாருமே தடுக்கி விழுகிறார்கள். அது நியாயமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். திடீரென்று வருகிறதே, பழக்கவே இல்லையே என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. கூட்டம் அதே வரியைத் திருப்பிப் பாடுவதால் உடனே ரெண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் கூட்டம் நேராகத்தான் எடுக்கிறது, பெரியப்பாவைப் போலத் தள்ளி எடுக்க அவர்களுக்கு வரவில்லை. அதனால் அங்கே நான் பழையபடி ஓரத்து விரலுக்கே போய்விட்டேன். கற்றுக்கொள்ள அந்த ஒரு வரியைத் தவிர இடமில்லை. நாலாம் கண்ணியில் அரை வரிக்கு ஒரு முன்னோட்டம் வைக்கலாம்தான், ஆனால் அங்கே குரல் அப்படிப் போகவில்லை. வைக்கவில்லை.

போன வாரம் பையன் மறுபடி விளையாடினான், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. பெரியப்பா அதே திண்ணையில். கடைசிக் கண்ணியில் சடசட நழுவியபோது கண்ணைத் திறந்து, “அந்த எடத்துல நான் எப்பவும் தள்ளித்தான் எடுப்பேன்” என்றார். பையன் அந்த வரியில் ஏழு தட்டு விட்டிருந்தான்.