30 குறிகளுக்குள் தமிழ்

சென்னையின் பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே டிக்கெட்டில் இணைக்கும் ‘சென்னை ஒன்’ செயலியை 2025 செப்டம்பர் 22 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் செயலி இது. ஆவடியில் ரயிலேறி, சென்ட்ரலில் மெட்ரோவுக்கு மாறி, அங்கிருந்து பஸ் பிடிக்கிறவர்களுக்கு ரொம்ப நாளாகத் தேவைப்பட்ட ஒன்று. இப்படிப்பட்ட செயலியைக் கூகுள் ப்ளே ஸ்டோரில் தமிழில் அறிமுகப்படுத்துவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ப்ளே ஸ்டோர் தலைப்புக்கு 30 இடம் தருகிறது. 2021 வரை 50 இருந்தது. சுருக்க விவரத்துக்கு 80, முழு விவரத்துக்கு 4,000. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு 30 என்றால் 30 எழுத்து. தமிழில் அப்படி இல்லை. புள்ளியும் கொம்பும் கொக்கியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். ‘பேருந்து’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. ‘பஸ்’ என்றால் மூன்றே குறி.

பயிற்சிக்காக ஒரு தலைப்பை அமைத்துப் பார்க்கலாம்: ‘சென்னை ஒன்: பஸ் ரயில் மெட்ரோ’. இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் 28 வருகிறது. அதிலேயே ‘பஸ்’ஸை எடுத்துவிட்டுப் ‘பேருந்து’ போட்டால் 33 ஆகிவிடும், ஸ்டோர் ஏற்காது. ஆகவே தலைப்பில் ‘பஸ்’ நிற்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நிற்கிறவர் சொல்வதும் அதுதான். பெயர்ப்பலகையில் படித்த ‘பேருந்து’ என்ற சொல்லை வைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக அந்தச் சொல் முழு விவரத்தில் இரண்டு, மூன்று இடங்களில் இயல்பாக வந்தால் போதும். ப்ளே ஸ்டோரில் தேடுசொற்களுக்கென்று தனிப் பெட்டி கிடையாது. தலைப்பையும் விவரங்களையும் படித்துத்தான் அது செயலியைத் தேடிக் காட்டுகிறது.

சுருக்க விவரம் இன்னும் சுவையானது. ‘பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட், பஸ் வரும் நேரம் தெரியும்’. இது 78 குறி. கடைசிச் சொல் ‘பார்க்கலாம்’ என்றிருந்தால் 81 ஆகி, ஒரே ஒரு குறியால் வெளியே தள்ளப்பட்டிருக்கும். ஆனால் இந்த வரியின் அழகு கணக்கில் மட்டும் இல்லை. பஸ், புறநகர் ரயில், மெட்ரோ, டிக்கெட், நேரம் என்று மக்கள் தேடக்கூடிய எல்லாச் சொற்களும் இதில் வேற்றுமை உருபு ஒட்டாமல், பிறந்த மேனியாக நிற்கின்றன. அப்படி நிறுத்தியதே தெரியவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது போலத்தான் இருக்கிறது.

உருபு ஒட்டினால் என்ன ஆகிவிடும்? ‘ஆவடி’ என்பது ‘ஆவடிக்கு’ ஆனாலும் உள்ளே ‘ஆவடி’ முழுசாக இருக்கும். ‘அம்பத்தூர்’ அப்படியல்ல. ‘அம்பத்தூருக்கு’ என்று எழுதியதும் ரகரத்தின் புள்ளி போய் உகரம் வந்துவிடுகிறது. தேடுகிறவர் தட்டிய ‘அம்பத்தூர்’ அந்த வரியில் எங்குமே இல்லை. ‘ரயிலில்’ என்பதில் ‘ரயில்’ கரைந்துவிடும், ‘நேரத்தில்’ என்பதில் ‘நேரம்’ காணாமல் போகும். தேடுபொறி பகுபத இலக்கணம் படித்து வேர்ச்சொல்லைத் தானே கண்டுபிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தின் போக்கையே மாற்றுவார். ‘அம்பத்தூரைக் கடந்து பூந்தமல்லிக்குச் செல்லும் பேருந்துகளை அறியலாம்’ என்பதை ‘அம்பத்தூர் வழியாகப் பூந்தமல்லி வரை போகும் பஸ் எது என்று பார்க்கலாம்’ என்று திருப்புவார். ‘வழியாக’, ‘வரை’ இரண்டும் ஊர்ப்பெயரைத் தொடாமல் பக்கத்தில் நிற்கும் சொற்கள். பெயர் பெயராகவே இருக்கிறது, பேச்சும் கெடவில்லை.

ஊர்ப்பெயர்களில் இன்னொரு சிக்கல். பூந்தமல்லிக்குப் ‘பூவிருந்தவல்லி’ என்றும் எழுத்து வழக்கு உண்டு. திருமுல்லைவாயில் சிலர் கையில் திருமுல்லைவாயல். போரூர்ப் பக்கத்து மௌலிவாக்கத்தைப் பத்திரிகைகள் ‘மவுலிவாக்கம்’ என்கின்றன. அதைவிட ஏமாற்றுவது ‘மெளலிவாக்கம்’: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டியது. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தேடலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் கர்சரை வைத்து ஒரு தடவை பின்னழிப்பு விசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். ளகரம் மட்டும் அழிந்து ‘மெ’ மிஞ்சினால், தட்டியது தவறு.

எல்லா வடிவங்களையும் வரிசையாகக் கொட்டிவிடலாமே என்று தோன்றும். சொற்குவியலை ஸ்டோரின் விதி தடுக்கிறது. தலைப்பில் ‘நம்பர் 1’, ‘இலவசம்’ போன்ற விளம்பரச் சொற்களுக்கும் தடை. பெயர் சொல்லாத பயனர்களின் பாராட்டுரையை விவரத்தில் சேர்க்கவும் கூடாது. இந்தத் தடைகள் நல்ல தமிழுக்குத் துணைதான். ‘பூந்தமல்லி (பூவிருந்தவல்லி) பஸ் நிலையம்’ என்று ஓரிடத்தில் சொன்னால் அது வாசகருக்கும் தகவல்; அதையே பத்து முறை சொன்னால் குப்பை.

அப்படியானால் பயனர் விமர்சனங்களால் என்ன பயன்? சொற்கள் பிறக்கும் இடமே அதுதான். ‘நிகழ்நேர வாகன இருப்பிடம்’ என்று எந்தப் பயணியும் எழுதுவதில்லை. ‘பஸ் எங்க வருதுன்னு தெரியுது’ என்றுதான் எழுதுவார். ‘வழித்தட எண்’ அவருக்கு ‘பஸ் நம்பர்’. விமர்சனங்களை நூறு, இருநூறு படித்து அந்தச் சொற்களை விவரத்துக்குள் கொண்டுவருகிறவர் எழுதும் தமிழில் மொழிபெயர்ப்பு வாடையே இருக்காது.

விமர்சனத்தை மொழிபெயர்ப்பதில்தான் நேர்மைக்குச் சோதனை. ‘ஆவடில அரை மணி நேரமா நிக்கிறேன், ஆப்ல 5 நிமிஷம்னே காட்டுது’ என்று ஒருவர் ஆங்கில எழுத்துகளில் தட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ‘பேருந்து வருகை நேரத்தில் சிறு வேறுபாடு காணப்படுகிறது’ என்று மாற்றி அனுப்புகிறவர் இரண்டு தரப்பையும் ஏமாற்றுகிறார். அரை மணி என்பதும் போய்விட்டது, ‘5 நிமிஷம்னே’ என்பதில் உள்ள ஏகாரமும் போய்விட்டது. நேரம் மாறாமல் 5-லேயே நிற்கிறது என்பதை அந்த ஏகாரம்தான் சொல்கிறது. மென்பொருள் எழுதுகிறவருக்கு அது முக்கியமான துப்பு: பஸ்ஸின் இடத்தைச் சொல்லும் கருவியிடமிருந்து புதுத் தகவல் வராமல், பழைய நேரமே திரையில் உறைந்திருக்கலாம். ‘ஆவடியில் அரை மணி நேரமாக நிற்கிறேன், செயலி இன்னும் 5 நிமிடம் என்றே காட்டுகிறது’ என்று எழுதினால் கோபமும் துப்பும் ஒருசேரப் போய்ச் சேரும்.

பதிலுக்கு ஸ்டோர் தருவது 350 குறி. ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று தொடங்கினால் அதில் ஒரு பங்கு வீண். ‘அரை மணி நிற்க வைத்ததற்கு வருந்துகிறோம். பஸ் நம்பர், நிறுத்தம், நேரம் மூன்றையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்’ என்பது மனிதர் பேசும் பேச்சு. சொன்னபடி பார்த்துச் சொல்லவும் வேண்டும். முடியாதென்றால் அந்தக் கடைசி வார்த்தையை எழுதாமல் விடுவதே நேர்மை.

வாசகர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. அடுத்த முறை ஏதாவதொரு பயணச் செயலிக்கு நட்சத்திரம் போடும்போது ‘சூப்பர்’, ‘வேஸ்ட்’ என்று ஒரே சொல்லில் நிறுத்திவிடாதீர்கள். நின்ற நிறுத்தத்தையும் பஸ் நம்பரையும் நேரத்தையும், வீட்டில் சொல்கிற அதே தமிழில் எழுதுங்கள்.