போப்பின் முழங்காலும் முப்பது பிக்சலும்

2024 ஜனவரியில் ஹைதராபாத் உப்பல் மைதானத்தில், 190 ரன் பின்தங்கிக் கிடந்த இங்கிலாந்தை ஆலி போப் 196 ரன் அடித்துத் தூக்கி நிறுத்தினார். இந்தியா 28 ரன்னில் தோற்றது. அந்த இன்னிங்ஸை நினைத்தால் முழங்காலைத் தரையில் ஊன்றி அவர் ஆடிய ரிவர்ஸ் ஸ்வீப்தான் கண்முன் வருகிறது. வீடியோ உரிமை இல்லாத சிறு சேனல்காரர், தான் எடுத்த ஒரு போட்டோவை வைத்துக்கொண்டே அந்த ஷாட்டை அசைத்துக் காட்ட முடியும். ஆனால் பலர் அசைக்கும்போது ஃபீல்டிங்கையே மாற்றிவிடுகிறார்கள்.

பந்துவீச்சாளருக்குப் பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து போப் சுமார் 80 மீட்டர், அவரை ஒட்டி நிற்கும் கீப்பர் பரத் 82, எதிர்ப்புறக் கூட்டம் 160. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் கிட்டே இருப்பது அதிகமாகவும் தள்ளி இருப்பது குறைவாகவும் நகரும். இரட்டிப்புத் தூரம் என்றால் பாதி நகர்வு. போப் 60 பிக்சல் இடப்பக்கம் போனால் கூட்டம் அதே பக்கம் 30 போக வேண்டும். கீப்பருக்கு 58க்குச் சற்று மேல். அதாவது அவருக்குத் தனி லேயரே தேவையில்லை. போப்போடு சேர்த்தே வெட்டிவிடலாம். ஆழம் கூடட்டும் என்று அவரைப் பிரித்து 40 பிக்சல் நகர்த்தினால், கணக்குப்படி அவர் ஸ்டம்புக்கு 40 மீட்டர் பின்னால் போய்விடுகிறார். வேகப்பந்துக்குக்கூட யாரும் அப்படி நிற்பதில்லை!

வெட்டியெடுத்த இடத்தில் பின்னணி லேயரில் பழைய போப் அப்படியே இருப்பார். மேல் லேயர் நகர்ந்ததும் அவருடைய இன்னொரு முழங்கை வலப்பக்கம் எட்டிப் பார்க்கும். அதற்காக முழு உருவத்தையும் அழிக்க வேண்டியதில்லை. இரண்டு லேயருக்கும் வித்தியாசம் 30 பிக்சல்தான் என்பதால், அந்த ஓரமாக 50 பிக்சல் அகலத்துக்குப் பக்கத்துக் கூட்டத்தை குளோன் செய்து பூசினால் போதும். நீள லென்ஸில் கூட்டம் மங்கலாகத்தான் விழும், ஒட்டுப்போட்டது தெரியாது. ஹெல்மெட் கம்பிகளுக்கு நடுவே கூட்டம் தெரிந்தால் மட்டும் அதையும் வெட்டி நீக்குங்கள்.

உண்மையான சிக்கல் தரையில் இருக்கிறது. ஆளை மட்டும் வெட்டினால் ஊன்றிய முழங்கால் பிட்ச் மேல் சறுக்கும். போப் ஸ்கேட்டிங் செய்வார். முழங்கால், நிழல், கிரீஸ் கோடு, அதற்குக் கீழேயுள்ள பிட்ச் எல்லாம் முன் லேயரிலேயே வர வேண்டும். கீப்பருக்குப் பின்னால் புல் தொடங்கும் இடத்தில் ஓரத்தை மென்மையாக்கிக் கரைத்துவிடுங்கள்.

படத்தை 5 சதவீதம் பெரிதாக்கி, நான்கு விநாடிக்கு மெதுவாக நகர்த்துங்கள். பிறகு முதல் பிரேமையும் கடைசி பிரேமையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முழங்காலுக்கும் கிரீஸ் கோட்டுக்கும் உள்ள இடைவெளி மாறியிருந்தால், மறுபடி வெட்டுங்கள்.