ஹெரோடோட்டஸின் கொக்கியும் ஸ்கேனில் தெரிந்த குச்சியும்

எகிப்திய மம்மி பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே கதைதான். மூக்கு வழியா கொக்கி விட்டு மூளையை இழுப்பார்கள், இடது விலாவுக்குக் கீழே கீறிக் குடலை எடுப்பார்கள், 70 நாள் உப்பில் போடுவார்கள், துணி சுற்றுவார்கள். பள்ளிப் பாடத்திலேயே படிச்சிருப்பீங்க. இந்தக் கதையின் பெரும்பகுதி ஒரே ஒரு ஆளிடமிருந்து வருகிறது: கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போய்வந்த கிரேக்கர் ஹெரோடோட்டஸ். அவருடைய இரண்டாம் புத்தகத்தில் சில பத்திகள், அவ்வளவுதான். அந்தப் பத்திகள் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அவர் எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். பிணத்தைக் கொண்டுவந்தவர்களிடம் தொழிலாளிகள் மரத்தில் செய்த மாதிரிகளைக் காட்டுவார்களாம். உசத்தி, நடுத்தரம், மலிவு என்று மூன்று ரகம், மூன்று விலை. உசத்தியில் கொக்கியும் கீறலும். நடுத்தரத்தில் கீறல் கிடையாது. ஆசனவாய் வழியாகத் தேவதாரு எண்ணெயை ஏற்றி அடைத்துவிடுவார்கள், கடைசியில் திறந்துவிட்டால் குடல் கரைந்து வெளியே வரும். மலிவில் வயிற்றைக் கழுவி உப்பில் போடுவதோடு சரி. என் கண்ணுக்கு இது பட்டறைக்குள் நின்று பார்த்தவர் எழுதியதாகத் தெரியவில்லை. கடை வாசலில் விலை விசாரித்தவர் எழுதியது போல இருக்கிறது.

கொக்கியை எடுத்துக்கொள்வோம். மூக்கின் உச்சியில், மூளைக்கு அடியில், சல்லடை மாதிரி மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. அதைக் குத்தி உடைத்தால் மண்டைக்குள் வழி கிடைக்கும். சிடி ஸ்கேனில் அந்த இடத்தில் ஓட்டை தெரிந்தால், அந்த வழியாகக் கருவி போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் 'கொக்கியால் இழுப்பது' என்பது நடக்கிற காரியமா? மூளை கொழகொழவென்று இருக்கும், கொக்கியில் மாட்டாது. 1994இல் பாப் பிரையர், ரொனால்ட் வேட் என்ற இரண்டு அமெரிக்கர்கள், தானமாகக் கொடுக்கப்பட்ட ஒரு உடலைப் பழைய முறைப்படியே மம்மியாக்கிப் பார்த்தார்கள். கொக்கிக்கு மூளை வரவில்லை. உள்ளே விட்டுக் கடைந்து, தண்ணீர் ஊற்றிக் கூழாக்கி, உடலைக் கவிழ்த்த பிறகுதான் மூக்கு வழியாக வடிந்தது. ஆக, வேண்டியது மத்து, கொக்கி அல்ல.

இதை இன்னும் உறுதியாக்குவது குரோஷியாவில், ஸாக்ரெப் நகரத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெண் மம்மி. சுமார் 2,400 ஆண்டுப் பழையது, கிட்டத்தட்ட ஹெரோடோட்டஸ் காலத்தை ஒட்டியது. ஸ்கேனில் மண்டை ஓட்டுக்குள், பின்பக்கமாக, குழாய் மாதிரி ஏதோ தெரிந்தது. எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தபோது, பிசினில் ஒட்டிக்கொண்டிருந்த சுமார் 8 செ.மீ. நீளக் குச்சி. மூங்கில், பனை சேர்ந்த ஒருவித்திலைத் தாவர வகையில் செய்தது. வேலை செய்யும்போது நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. எடுக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஹெரோடோட்டஸ் சொன்னது இரும்பு. கிடைத்தது குச்சி. இரும்பே கிடையாது என்று இந்த ஒரு குச்சியை வைத்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் ஊருக்கு ஊர் கைக்குக் கிடைத்ததை வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

மண்டைக்குள் ஊற்றிய பிசினும் நல்ல சாட்சி. சூடாக ஊற்றும்போது அது தண்ணீர் மாதிரி மட்டமாக நிற்கும், ஆறினால் அப்படியே உறைந்துவிடும். ஆகவே ஸ்கேனில் தெரியும் பிசின் மட்டத்தின் கோட்டைப் பார்த்தே, ஊற்றும்போது தலை எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். துத்தன்காமனின் மண்டைக்குள் இரண்டு மட்டங்கள், ஒன்று பின்மண்டையில், இன்னொன்று உச்சியில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ஒருமுறை மல்லாந்து படுக்கவைத்தும், இன்னொருமுறை தலையைப் பின்னால் தொங்கவிட்டும் ஊற்றியிருக்கிறார்கள். இந்த விவரம் எந்தப் பழைய நூலிலும் இல்லை.

உப்பு விஷயத்தில் ஹெரோடோட்டஸ் மேல் விழுந்த பழி பாதி மொழிபெயர்ப்பாளர்களுடையது. அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல் கருவாடு போடுவதற்கும் அதேதான். ஆனால் பிற்காலத்தில் பலர் அதை உப்புக் கரைசலில் ஊறவைப்பது என்று புரிந்துகொண்டு, ஊறுகாய் ஜாடி மாதிரி தொட்டிகளைக் கற்பனை செய்தார்கள். கருவாடு போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்: ஈரத்தை எடுக்க வேண்டுமென்றால் காய்ந்த உப்புதான். ஆல்ஃபிரட் லூகாஸ் புறாக்களை வைத்துச் சோதித்து, காய்ந்த நாட்ரானே சரி என்று காட்டினார். நாட்ரான் என்பது சோடா உப்புகளும் சாதாரண உப்பும் கலந்த இயற்கைப் படிவு, கெய்ரோவுக்கு வடமேற்கே வாதி நத்ரூன் பள்ளத்தாக்கில் கிடைப்பது. பிரையர் குழு ஒரே உடலுக்குக் கால் டன்னுக்கும் அதிகமாக அதைக் கொட்ட வேண்டியிருந்தது, 35 நாளில் உடல் காய்ந்துவிட்டது. ஆகவே 70 நாள் என்பது உப்பில் கிடந்த காலமாக இருக்கத் தேவையில்லை. கழுவுதல், எண்ணெய் பூசுதல், துணி சுற்றுதல் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு. அவர் முழுக்கணக்கையும் உப்பின் தலையில் கட்டிவிட்டார்.

நடுத்தர ரகத்தின் தேவதாரு எண்ணெய்க் கதைதான் ரொம்ப பலவீனம். ஆண்ட்ரூ வேட், ஆண்ட்ரூ நெல்சன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட மம்மிகளின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். எண்ணெயால் குடலைக் கரைத்ததற்கு நல்ல ஆதாரம் தேறவில்லை. விலாக் கீறலும் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மூன்று விலை, மூன்று முறை என்ற அழகான படிக்கட்டு உடல்களில் தெரியவில்லை.

இனி அந்தப் படிக்கட்டின் உச்சியில் இருந்திருக்க வேண்டிய ஒருவர்: முதலாம் அமென்ஹோடெப், கி.மு. 16ஆம் நூற்றாண்டு அரசர். 1881இல் தெய்ர் எல்-பஹ்ரி மறைவிடத்தில் கிடைத்த இவருடைய மம்மியை, மேல்சுற்றும் முகமூடியும் அவ்வளவு நன்றாக இருந்ததால், யாரும் பிரிக்கவில்லை. நல்ல வேளை. சஹர் சலீமும் ஸாஹி ஹவாஸும் ஸ்கேன் செய்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயது சுமார் 35, உயரம் சுமார் 169 செ.மீ. இடது பக்கக் கீறல் உண்டு, குடல் எடுக்கப்பட்டிருக்கிறது, இதயம் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் மூளை? எடுக்கவே இல்லை! மூக்கின் சல்லடை எலும்பு முழுசாக இருக்கிறது, வற்றிச் சுருங்கிய மூளை மண்டைக்குள்ளேயே கிடக்கிறது. அரசருக்கே கொக்கி போடவில்லை.

கழுத்து முறிந்து தலை தனியாகியிருக்கிறது, வயிற்றின் முன்பக்கம் கிழிந்திருக்கிறது. இது கல்லறைத் திருடர்கள் வேலை. சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 21ஆம் வம்சத்துப் பூசாரிகள் பிசின் தோய்த்த துணிப் பட்டையால் தலையை ஒட்டி, வயிற்றை மூடி, மறுபடி சுற்றியிருக்கிறார்கள். அந்தப் பூசாரிகள் பழைய அரசர்களின் நகைகளை உருவிக்கொள்ளத்தான் பிரித்தார்கள் என்ற சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. இந்த உடலில் 30 தாயத்துகள், 34 தங்க மணிகள் கோத்த இடுப்புக் கச்சை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. இந்த ஒருவர் விஷயத்தில் சந்தேகம் நிற்காது. மற்றவர்களுக்கு இதை வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளணும். அது அடர்த்தியைத்தான் காட்டும். மண்டைக்குள் இருப்பது பிசின் என்று சொல்லும், எந்த மரத்துப் பிசின் என்று சொல்லாது. அதற்குத் துணுக்கு எடுத்து வேதிப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் கை எது, பழுதுபார்த்த கை எது என்று பிரிப்பதும் பார்ப்பவரின் அனுமானம்தான். ஹெரோடோட்டஸை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம்: கல் கத்தி, விலாக் கீறல், நாட்ரான், பிசின் தடவிய துணி, இவையெல்லாம் சரியாகவே இருக்கின்றன. கேட்டதை நேர்மையாக எழுதினார். ஆனால் மூவாயிரம் ஆண்டுத் தொழிலுக்கு அவர் காலத்து ஒரு கடையின் விலைப்பட்டியலை விதியாக வைத்தவர் அவரில்லை. அவருக்குப் பின்னால் வந்து, அவரையே பார்த்து எழுதிய நாம்தான்.