'வாழ்த்துகள் மேடம்': 43 செய்திகளும் ஒரு காகிதமும்

பழைய கைபேசியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதிலிருந்த செய்திகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வங்கியில் கிளார்க்காக இருந்த காலத்து வாட்ஸப் குழு கண்ணில் பட்டது. எங்கள் கிளையில் இருந்த ஓர் அக்கா ஆபீசராகப் பதவி உயர்வு பெற்ற நாள் அது. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 43 செய்திகள். பாதிக்கு மேல் 'வாழ்த்துகள் மேடம்', மீதியில் பூங்கொத்தும் கைகூப்பிய படமும். கடைசியில் அவருடைய பதில் ஒரே வரி: 'அனைவருக்கும் நன்றி.'

பதினெட்டாவதாக இருந்தது என்னுடையது. கூச்சமாக இருந்தாலும் அப்படியே தருகிறேன், ஏன்னா இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

'வாழ்த்துகள் அக்கா! இதற்கு நீங்கள் முற்றிலும் தகுதியானவர். இது ஆரம்பம்தான், இன்னும் பல உயரங்களைத் தொட வேண்டும். ட்ரீட் எப்போ?'

படிக்கும்போது ஒன்றும் தப்பாகத் தெரியாது. எங்கே இடிக்கிறது என்று எனக்குப் புரிந்தது பல வருஷம் கழித்து, ஜான் சர்ல் என்ற தத்துவ அறிஞர் 1969-ல் எழுதிய 'ஸ்பீச் ஆக்ட்ஸ்' நூலைப் படித்தபோதுதான். அதில் ஒரு அட்டவணை உண்டு. கேட்பது, எச்சரிப்பது, நன்றி சொல்வது என்று பேச்சால் நாம் செய்யும் காரியங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் சரியாக நடக்க என்னென்ன வேண்டும் என்று சொல்கிறார். பாராட்டுக்கு அவர் சொல்வது சுருக்கமாக இது: கேட்பவர் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்வு இருக்க வேண்டும், அது அவருக்கு நல்லது என்று நான் நம்ப வேண்டும், அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் இருக்க வேண்டும். அதே அட்டவணையில் 'வணக்கம்' சொல்வதற்கும் ஒரு கட்டம் உண்டு. அங்கே உண்மையுணர்வு என்ற நிபந்தனையே இல்லை. பிடிக்காதவருக்கும் வணக்கம் வைக்கலாம், அது பொய்யாகாது.

இதைப் படித்ததும் அந்த 43 செய்திகள் விளங்கிவிட்டன. அவை பாராட்டே இல்லை, வணக்கம். எதிரே வந்தவருக்குக் கை தூக்கியதோடு சரி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வணக்கம் வைத்துவிட்டுப் பாராட்டிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

நம் மொழியிலும் இதற்கு ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. வாழ்த்து இனி வரப்போவதைப் பற்றியது, நல்லா இரு என்பது. பாராட்டு ஏற்கெனவே செய்ததைப் பற்றியது. வாழ்த்துக்கு வயது வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இருப்பதால்தான் 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்று ஃப்ளெக்ஸ் பேனரில் போடுகிறோம். பதவி உயர்வுக்கு 'வாழ்த்துகள்' என்று சொல்லும்போது அந்த ஆள் செய்த வேலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் தப்பித்துவிட முடிகிறது. என் செய்தியில் 'இது ஆரம்பம்தான்' என்ற வரி செய்தது அதைத்தான். கிடைத்ததைக் கையில் வைத்துப் பார்க்கவிடாமல் அடுத்த படிக்கட்டைக் காட்டியது. 'முற்றிலும் தகுதியானவர்' என்பதிலோ நான் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறேன். 'ட்ரீட் எப்போ' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா சொன்னார்: 'எல்லாரும் வாழ்த்துறீங்க தம்பி, போகப் போறீங்களா வேணாமான்னு ஒருத்தரும் கேக்கலையே.' வங்கியில் இருந்தவர்களுக்கு இது தெரியும். கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆனால் பெரும்பாலும் மாற்றலும் கூடவே வரும். மொழி தெரியாத ஊருக்கும் போக வேண்டியிருக்கலாம். அதனாலேயே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு கவுண்ட்டரிலேயே ஓய்வு பெறுபவர்கள் உண்டு. அவருடைய மகன் அப்போது பத்தாம் வகுப்பு. அது அவருக்கு நல்லதுதானா என்று அவருக்கே முடிவாகவில்லை, நான் முடிவு செய்துவிட்டேன். சர்ல் சொன்ன இரண்டாவது நிபந்தனை அங்கேயே விழுந்துவிட்டது.

மூன்றாவதும் விழுந்திருந்தது. அதே தேர்வை நானும் எழுதியிருந்தேன். நேர்காணல் வரை போனேன், பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த ஆச்சரியக்குறி எனக்கே பொய் என்று தெரியும்.

அப்படியானால் பொறாமை இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? இதைக் கொஞ்ச நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த விடை, நிகழ்வைச் சின்னதாக்குவது. அவர் ஆபீசர் ஆனதில் எனக்கு முழு சந்தோஷம் இல்லை. ஆனால் அவரிடம் நான் நிஜமாகவே ரசித்த ஒன்று உண்டு. நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் வாழ்நாள் சான்று கொடுக்க வருவார்கள். வரிசை வாசல் வரை நிற்கும். அக்கா வரிசையில் இருக்கும் வயதானவர்களை உட்கார வைத்துவிட்டு, படிவத்தோடு இவர் அவர்களிடம் போவார். வர முடியாத ஒருவர் வீட்டுக்குச் சாயங்காலம் போய்க் கையெழுத்து வாங்கி வந்ததும் எனக்குத் தெரியும். இதைச் சொல்ல எனக்குப் பொய் தேவையில்லை.

அவர் போவது என்று முடிவாகி, கிளையிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்று, ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்:

'அக்கா, நவம்பர் மாதம் பெரியவர்கள் உங்கள் கவுண்ட்டரைத் தேடித்தான் வருவார்கள், மூன்று வருஷம் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடும் அந்தத் தாத்தாவுக்கு நீங்கள் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியதை மறக்க மாட்டேன். போகும் ஊரில் உங்களைப் போல ஒருவர் கிடைக்கப் போவதில் எனக்குச் சந்தோஷம். தம்பி படிப்பு விஷயத்தில் இங்கே ஏதாவது பார்க்கணும்னா சொல்லுங்கள்.'

நான்கு வாக்கியம். முதலில் அவர் செய்தது, அடுத்து நான் கண்ணால் பார்த்த ஒரு காட்சி, பிறகு எனக்கு எதில் சந்தோஷம் என்பது, கடைசியில் அந்த உயர்வு அவருக்கு எதைச் செலவு வைக்கிறது என்று எனக்குத் தெரியும் என்ற குறிப்பு. 'தகுதி' என்ற சொல் இல்லை, 'உயரங்கள்' இல்லை. நானும் தேர்வு எழுதிய கதை இல்லை. அது அவருடைய நாள்.

வாடிக்கையாளருக்கு எழுதும்போது வேறு ஒரு கோளாறு வரும். எங்களிடம் கடன் வாங்கித் தொழில் நடத்திய ஒருவருக்கு ஒரு விருது கிடைத்தபோது கடிதம் எழுதச் சொன்னார்கள். 'உங்களால் அந்த விருதுக்கே பெருமை' என்று தொடங்கினேன். அது யாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் பொருந்தாது. மேலே போன பிறகு கடைசியில் ஒரு வரி சேர்ந்து வந்தது: அவருடைய வைப்புத்தொகையையும் நம் கிளையிலேயே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அத்தோடு அந்தக் கடிதம் விளம்பரமாகிவிட்டது. மேலே இருந்த மூன்று வரியும் இந்த ஒரு வரிக்காகத்தான் எழுதப்பட்டது என்று படிப்பவருக்குப் பின்னோக்கித் தோன்றிவிடும். கேட்க வேண்டியதைப் பத்து நாள் கழித்துத் தனியாகக் கேட்டால் போச்சு.

எழுதியது பாராட்டா வணக்கமா என்று பார்க்க நான் இப்போது வைத்திருக்கும் சோதனை எளிது. பெயரை மாற்றி அதே செய்தியை இன்னொருவருக்கு அனுப்ப முடிந்தால் அது வணக்கம். அனுப்பின பிறகு பார்க்கவும் ஒரு வழி உண்டு, வரும் பதிலைப் பார்ப்பது. 43 செய்திக்குச் சேர்த்து ஒரு 'நன்றி' வந்தது. அந்தக் காகிதத்துக்கு அன்று பதில் இல்லை. அடுத்த நவம்பரில் ஒரு நாள் போன் வந்தது. எடுத்ததும் அக்கா கேட்டார்:

'தம்பி, அந்தத் தாத்தா இந்த வருஷம் வந்தாரா?'